ஸ்பிரிண்ட் தவறிப்போச்சு: கிளையன்டுக்கு மன்னிப்பு மெயில் எழுதுறதுக்கு முன்னாடி டிக்கெட்டைத் திறந்து பாருங்க

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னைக்கு ஒரே ஒரு மெயிலைப் பத்தித்தான் பேசப் போறேன். நான் எழுதி, அனுப்பாம விட்ட ஒரு மெயில். அதுக்குப் பதிலா மூணு நாள் கழிச்சு அனுப்பின இன்னொரு மெயில். ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுங்கிறதுதான் இந்த எபிசோட்.

கிளையன்ட் ஒரு ஜவுளிக் கடை நிறுவனம். பல ஊர்ல கடை இருக்கு, ஆன்லைன்லயும் விக்கிறாங்க. ஆன்லைன்ல வாங்கின புடவையைத் திருப்பிக் கொடுத்தா பணம் தானா வாடிக்கையாளர் கணக்குக்குப் போகணும். அந்த ரீஃபண்ட் வசதியைத்தான் நாங்க செஞ்சுக்கிட்டிருந்தோம். ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இது ஓடணும். அதுக்காக ஜூன் 30 திங்கட்கிழமை கடை ஊழியர்களுக்குப் பயிற்சின்னு அவங்க ஏற்கெனவே ஏற்பாடு பண்ணிட்டாங்க.

எங்க டீம்ல நாலு டெவலப்பர், ஒரு டெஸ்டர். ஸ்பிரிண்ட் ஜூன் 2 திங்கள்ல இருந்து ஜூன் 13 வெள்ளி வரைக்கும், மொத்தம் பத்து வேலை நாள். 12 டிக்கெட் முடிக்கிறோம்னு சொல்லியிருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தா 7 முடிஞ்சிருக்கு, 5 மிச்சம்.

அனுப்பாத மெயில்

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் எழுதின வரைவு இப்படி இருந்தது: "எதிர்பாராத சில தொழில்நுட்பச் சிக்கல்களால் இந்த ஸ்பிரிண்டில் 12 டிக்கெட்டில் 7 மட்டுமே முடிந்தன. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மீதியை அடுத்த புதன்கிழமைக்குள் முடித்துவிடுவோம்."

எங்க டெலிவரி பொறுப்பு ஒரு அக்கா கையில இருந்தது. அவங்ககிட்ட காட்டினேன். படிச்சுட்டு ரெண்டே கேள்வி கேட்டாங்க. "எதிர்பாராததுன்னா எது தம்பி? புதன்கிழமைன்னு எதை வச்சு சொல்றே?"

என்கிட்ட பதில் இல்ல. புதன்கிழமைங்கிறது எனக்கு நியாயமாப் பட்ட ஒரு நாள், அவ்வளவுதான். ரொம்ப தூரமாவும் இல்ல, நாளைக்கேன்னும் இல்ல.

"இப்ப ரெண்டு வரி மட்டும் அனுப்பு. முழு மெயில் திங்கட்கிழமை போகட்டும்"னாங்க. அப்படியே செஞ்சேன். ரீஃபண்ட் வேலை இன்னைக்கு முடியல, எங்களை மன்னிக்கணும், காரணத்தையும் புதுத் தேதியையும் திங்கள் காலை 11 மணிக்கு அனுப்புறோம். இவ்வளவுதான் வெள்ளிக்கிழமை மெயில். இந்த ரெண்டு வரி முக்கியம். செய்தியைத் தாமதிக்கக் கூடாது, ஆனா தேதியை அவசரத்துல கொடுக்கவும் கூடாது. ஒரே மெயில்ல ரெண்டையும் செய்யப் பார்த்தா, அவசரத்துல எழுதின தேதிதான் போகும். அந்தத் தேதியும் தவறினா, ரெண்டாவது மன்னிப்பை யாரும் நம்ப மாட்டாங்க.

முதல் கேள்வி: என்ன மிச்சம், எங்கே நிக்குது?

நாங்க Jira பயன்படுத்துறோம். மிச்சம் எதுன்னு எடுக்க ஒரே வரி போதும்:

```
sprint = "RET Sprint 14" AND statusCategory != Done
```

அஞ்சு டிக்கெட் வந்தது. மூணு QA-ல நிக்குது. அதாவது கோடு எழுதி முடிஞ்சு, டெஸ்டிங்ல இருக்கு. ஒண்ணு பாதி வேலையில இருக்கு: ஒரே ஆர்டர்ல வாங்கின மூணு புடவையில ஒண்ணை மட்டும் திருப்பிக் கொடுத்தா அதுக்கான பணத்தை மட்டும் அனுப்புறது. கடைசி ஒண்ணு இன்னும் தொடவே இல்ல: "உங்க பணம் அனுப்பப்பட்டது"ன்னு வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போறது.

இங்கேயே ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. மிச்சம் இருக்கிற அஞ்சுமே ரீஃபண்ட் டிக்கெட். முடிஞ்ச ஏழுல அஞ்சு சின்னச் சின்ன வேற வேலைகள்: தேடல் வடிகட்டி, ஒரு பக்கத்தோட எழுத்து மாத்தம், இந்த மாதிரி. ரீஃபண்ட்ல முடிஞ்சது ரெண்டே ரெண்டு. ஆக, "12-ல 7 முடிஞ்சது"ங்கிற வாக்கியம் கணக்குப்படி சரி, ஆனா கிளையன்டுக்கு அது பொய். அவங்க பக்கத்துல இருந்து பார்த்தா ஒரு ரூபாய் கூடத் திரும்பப் போகல. 2020-இல் வந்த ஸ்க்ரம் கையேடும் ஸ்பிரிண்டோட வாக்குறுதின்னு சொல்றது ஸ்பிரிண்ட் இலக்கைத்தான், டிக்கெட் எண்ணிக்கையை இல்ல. அதனால மன்னிப்பும் இலக்குக்குத்தான் கேக்கணும்: ரீஃபண்ட் வேலை செய்யல. சதவீதத்துக்குப் பின்னாடி ஒளியக் கூடாது.

ரெண்டாவது கேள்வி: ஏன் தவறிச்சு?

இதுக்கு ரெண்டு இடம் பார்த்தோம்.

ஒண்ணு, பழைய ஸ்பிரிண்டுகளோட எண்ணிக்கை. இதுக்கு முந்தின ஆறு ஸ்பிரிண்டுல நாங்க முடிச்ச டிக்கெட்: 9, 8, 10, 7, 9, 8. சராசரி எட்டரை. அதிகபட்சமே பத்து. அப்புறம் எந்தத் தைரியத்துல 12 சொன்னோம்? ஜூன் 30 தேதியைப் பார்த்துப் பின்னாடி இருந்து எண்ணிச் சொன்னோம். வேற காரணம் எதுவும் இல்ல.

அப்புறம் Sprint Report-ஐத் திறந்தோம். ஸ்பிரிண்ட் ஆரம்பிச்ச பிறகு நடுவுல நுழைஞ்ச டிக்கெட்டுக்குப் பக்கத்துல அதுல ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ரெண்டு டிக்கெட்டுக்கு நட்சத்திரம் இருந்தது. ஜூன் 9 அன்னைக்கு வந்த புரொடக்ஷன் பக்: கூப்பன் தள்ளுபடி ரெண்டு தடவை கழிஞ்சுக்கிட்டிருந்தது. அது போன ரிலீஸ்ல நாங்களே விட்ட தப்பு. அதைச் சரிபண்ணி முடிச்சதால அந்த ரெண்டும் "முடிஞ்சது" கணக்குல இருக்கு. ஏழோட ரெண்டைச் சேர்த்தா ஒன்பது.

இந்த இடத்துல என் வரைவு மெயில் செத்துப்போச்சு. டீம் மெதுவா வேலை செய்யல. எப்பவும் செய்யற அதே அளவு செஞ்சிருக்கு. எதிர்பாராத தொழில்நுட்பச் சிக்கல்னு எதுவும் இல்ல. முடியாத எண்ணிக்கையைச் சொன்னோம், நடுவுல வரக்கூடிய பக்குக்கு இடம் விடல. தப்பு ஜூன் 2-ஆம் தேதி காலையிலேயே நடந்துபோச்சு. வெளியில தெரிஞ்சது 13-ஆம் தேதி.

ரெண்டாவது இடம், QA-ல நிக்கிற மூணு டிக்கெட்டோட History. ஒவ்வொரு நிலையிலயும் எத்தனை நாள் இருந்ததுன்னு ஒரு தாள்ல எழுதினோம். கோடு எழுதினது ஜூன் 6-க்குள்ள முடிஞ்சிருக்கு. டெஸ்டிங் உண்மையில ஆரம்பிச்சது ஜூன் 12. நடுவுல என்ன? ரீஃபண்டைச் சோதிக்க கிளையன்டோட பேமென்ட் கேட்வே கணக்குல இருந்து டெஸ்ட் கீ வேணும். டிக்கெட்ல இருக்கிற கமெண்ட்படி நாங்க அதைக் கேட்டது ஜூன் 5. அவங்க கொடுத்தது ஜூன் 9. நடுவுல சனி, ஞாயிறு. ஆக அவங்க எடுத்துக்கிட்டது ரெண்டு வேலை நாள். கீ வந்த அன்னைக்கே கூப்பன் பக்கும் வந்தது. எங்க ஒரே டெஸ்டர் 9, 10, 11 மூணு நாளும் அதுல மாட்டிக்கிட்டார்.

இதைப் பார்த்ததும் நம்ம மனசு சட்டுன்னு "கீ அவங்கதானே லேட்டா கொடுத்தாங்க"ன்னு போகும். என் மனசும் போச்சு. ஆனா ஜூன் 2-ஆம் தேதியே, இல்ல அதுக்கு முந்தின வாரமே கேட்டிருக்க வேண்டியதை 5-ஆம் தேதிதான் கேட்டோம்னு அதே கமெண்ட்தான் சொல்லுது. அவங்க ரெண்டு நாளை எழுதினா நம்ம மூணு நாளையும் சேர்த்து எழுதணும். இல்லாட்டி அது மன்னிப்பு இல்ல, புகார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். டிக்கெட் நிலை மாறின நேரத்தை அப்படியே நம்பிடாதீங்க. எங்க தரவுலயே ரெண்டு டிக்கெட் In Progress-ல இருந்து QA-வுக்கு நாலே நிமிஷத்துல போயிருந்தது. நாலு நிமிஷத்துல யாரும் கோடு எழுதல. காலை மீட்டிங்குக்கு முன்னாடி கார்டை ஒண்ணா நகர்த்தியிருக்காங்க. ஒரே நேரத்துல பல டிக்கெட் நகர்ந்திருந்தா சந்தேகப்படுங்க. நாங்க அந்த ரெண்டுக்கும் Git-ல கோடு சேர்ந்த நேரத்தைப் பார்த்துத் தேதியைத் திருத்திக்கிட்டோம்.

மூணாவது கேள்வி: எப்போ முடியும்?

டெவலப்பர்கிட்ட "எத்தனை நாள் ஆகும்"னு கேட்டா, எந்த இடைஞ்சலும் இல்லாம உக்காந்தா ஆகிற நாளைத்தான் சொல்வாங்க. அது தப்பு இல்ல, ஆனா அது தேதி ஆகாது. காத்திருக்கிற நேரம் அதுல கிடையாது. அதனால நாங்க முன்னாடி முடிச்ச, ஏறக்குறைய இதே அளவுள்ள 12 டிக்கெட்டை எடுத்தோம். வேலை ஆரம்பிச்ச நாள்ல இருந்து முழுசா முடிஞ்ச நாள் வரைக்கும் எத்தனை வேலை நாள்னு எண்ணி, சின்னதுல இருந்து பெருசா வரிசைப்படுத்தினோம்:

2, 3, 3, 3, 4, 4, 4, 5, 5, 6, 7, 9

இந்த வரிசையை எப்படிப் படிக்கணும்னு பாருங்க. ஏழு டிக்கெட் நாலு நாளுக்குள்ள முடிஞ்சிருக்கு. அதாவது "நாலு நாள்"னு சொன்னா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நம்பிக்கை. நாணயத்தைச் சுண்டிப் போட்டுத் தேதி சொல்ற மாதிரி. பத்து டிக்கெட் ஆறு நாளுக்குள்ள முடிஞ்சிருக்கு. மன்னிப்புக் கேக்கிற மெயில்ல சொல்ல வேண்டியது இந்த ஆறு நாளைத்தான்.

இன்னும் தொடாத எஸ்எம்எஸ் டிக்கெட்டை ஜூன் 16 திங்கள் ஆரம்பிச்சா, ஆறாவது வேலை நாள் ஜூன் 23. QA-ல நிக்கிற மூணும் டெஸ்டருக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு. ஏதாவது ஒண்ணு பிழையோட திரும்பி வரும்னு ஒரு நாள் கூட்டி ஜூன் 19. பாதியில இருக்கிற டிக்கெட்டும் 23-க்குள்ள. அப்புறம் எல்லாத்தையும் சேர்த்து ஒரு முறை முழுசா சோதிக்க 24, 25. ஆக ஜூன் 25 புதன் மாலை அவங்க கையில. 26, 27 அவங்க பார்க்கலாம். 30-ஆம் தேதி பயிற்சி.

என் வரைவுல சொன்ன புதன் ஜூன் 18. இது அடுத்த புதன், ஜூன் 25. என் புதனை அனுப்பியிருந்தா ஒரே மாசத்துல ரெண்டு தடவை தவறியிருப்போம்.

இதுல பலர் விடுற ஒரு விஷயம் இருக்கு. இந்த அஞ்சு டிக்கெட்டும் சும்மா முடியாது, வேற ஏதோ ஒண்ணோட இடத்தைப் பிடிச்சுக்கும். அடுத்த ஸ்பிரிண்டுல கிளையன்ட் எதிர்பார்த்தது எட்டுப் புது டிக்கெட். அஞ்சும் எட்டும் பதிமூணு. அதே தப்பை இன்னும் பெருசா செய்யப் போறோம்னு அர்த்தம். ஆறு ஸ்பிரிண்டுல குறைஞ்சது எவ்வளவோ அதை எடுத்தோம்: ஏழு. அஞ்சு பழசு, ரெண்டு புதுசு. மிச்சம் ஆறு தள்ளிப்போகும். இதை மெயில்ல எழுதாம விட்டா, ரெண்டு வாரம் கழிச்சு அதுக்கு ஒரு மன்னிப்பு மெயில் எழுத வேண்டியிருக்கும்.

அனுப்பின மெயில்

திங்கள் காலை பத்தே முக்காலுக்குப் போனது. அது ஆங்கிலத்துலதான் இருந்தது. இங்கே தமிழில் தர்றேன்.

> தலைப்பு: ரீஃபண்ட் ஜூன் 13-க்குள் முடியவில்லை, புதிய தேதி ஜூன் 25 மாலை
>
> வணக்கம் மேடம்,
>
> ஜூன் 13-க்குள் ரீஃபண்ட் வசதியை முடித்துத் தருவதாகச் சொன்னோம். தரவில்லை. மன்னிக்கவும். உங்கள் ஜூன் 30 பயிற்சிக்கு இது தேவை என்பது தெரிந்தே வாக்குக் கொடுத்தோம்.
>
> காரணம்: இரண்டு வாரத்தில் நாங்கள் வழக்கமாக 8 அல்லது 9 டிக்கெட் முடிக்கிறோம். இம்முறை 12 சொன்னோம். அது எங்கள் தவறு. நடுவில் வந்த கூப்பன் பிழையைச் சரிசெய்ய டெஸ்டரின் மூன்று நாள் போனது. அந்தப் பிழையும் எங்களுடையது. டெஸ்ட் கீயை ஸ்பிரிண்ட் தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஜூன் 5 அன்றுதான் கேட்டோம். 9 அன்று கிடைத்தது.
>
> இப்போதைய நிலை: ஐந்து டிக்கெட் மீதம். மூன்று டெஸ்டிங்கில், ஒன்று பாதி வேலையில், எஸ்எம்எஸ் இன்று தொடங்குகிறது.
>
> தேதிகள்: முழு ரீஃபண்ட் ஜூன் 19. பகுதி ரீஃபண்டும் எஸ்எம்எஸ்ஸும் ஜூன் 23. அனைத்தும் சோதித்து உங்களிடம் ஜூன் 25 மாலை. இதே அளவுள்ள எங்கள் முந்தைய 12 டிக்கெட்டில் 10, இவ்வளவு நாளுக்குள் முடிந்திருக்கின்றன.
>
> தவறினால்: ஜூன் 20 வெள்ளி மாலைக்குள் எஸ்எம்எஸ் டெஸ்டிங்குக்கு வரவில்லை என்றால், அதை விட்டுவிட்டு மற்ற நான்கையும் 25 அன்று தருகிறோம். ஊழியர்கள் ரீஃபண்ட் நிலையைத் திரையில் பார்த்துச் சொல்லலாம். எப்படியிருந்தாலும் 20 மாலை 4 மணிக்கு நிலவரத்தை எழுதுகிறோம்.
>
> உங்களிடம் கேட்பது ஒன்று: இந்த ஸ்பிரிண்டில் புதிய டிக்கெட் இரண்டுதான் எடுக்க முடியும். எட்டில் எந்த இரண்டு என்று நாளைக்குள் சொல்லுங்கள். மற்ற ஆறும் ஜூன் 30-க்குப் பிறகு தொடங்கும்.

இதுல "மன்னிக்கவும்" ஒரே ஒரு தடவைதான் இருக்கு, கவனிச்சீங்களா? பத்து தடவை சொன்னாலும் அவங்க பயிற்சியை நடத்த முடியாது. 19, 23, 25-னு தேதி தெரிஞ்சா நடத்தலாமா, தள்ளிப் போடலாமான்னு முடிவு எடுக்க முடியும். டெஸ்டர் பெயரோ டெவலப்பர் பெயரோ எங்கேயும் இல்லங்கிறதையும் பாருங்க. டெஸ்டர் மூணு நாள் சும்மா இருக்கல, நாங்க கொடுத்த வேலையைத்தான் செஞ்சார். ஒரே ஒரு டெஸ்டரை வச்சுக்கிட்டு 12 சொன்னது நிர்வாகத்தோட முடிவு.

அப்புறம் என்ன ஆச்சு

மேடம் அன்னைக்கு மத்தியானம் ஃபோன் பண்ணினாங்க. கோபம் இருந்தது. "ஆறு டிக்கெட் தள்ளிப் போகுதுன்னா எனக்கு எப்படிங்க?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா பேச்சு எந்த ரெண்டு முதல்ல வேணுங்கிறதுல போய் முடிஞ்சது. எங்க நேர்மையைப் பத்தி ஒரு வார்த்தை வரல.

முழு ரீஃபண்ட் 19-ஆம் தேதி முடிஞ்சது. பகுதி ரீஃபண்ட் 23. எஸ்எம்எஸ் முடியல.

காரணம், கோடு இல்ல. இந்தியாவுல நிறுவனங்கள் அனுப்புற எஸ்எம்எஸ்ஸோட வாசகத்தை டிராய் விதிப்படி டிஎல்டி தளத்துல முன்கூட்டியே பதிவு பண்ணி ஒப்புதல் வாங்கணும். பதிவு பண்ண வேண்டியது கிளையன்ட். அந்த வாசகத்தை நாங்க அவங்களுக்கு அனுப்பினதே புதன்கிழமை. மறுபடியும் டெஸ்ட் கீ கதைதான். வெள்ளி நாலு மணிக்கு ஒப்புதல் வரல. சொன்னபடி மெயில் போட்டோம்: எஸ்எம்எஸ் இல்லாம நாலும் 25-ல வரும். வந்தது. பயிற்சி 30-ல நடந்தது. ஒப்புதல் வந்து எஸ்எம்எஸ் 27-ஆம் தேதி சேர்ந்தது.

இதுலதான் இந்த முறையோட எல்லை தெரியுது. நாங்க எண்ணின 12 டிக்கெட்டுல ஒண்ணு கூட வெளி ஆளோட ஒப்புதலுக்குக் காத்திருந்தது இல்ல. அதனால அந்த வரிசை இதைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. பழைய டிக்கெட் சொல்றது அதே மாதிரி டிக்கெட்டைப் பத்தி மட்டும்தான். எங்களைக் காப்பாத்தினது கணக்கு இல்ல, "தவறினால்"ங்கிற அந்தப் பத்தி.

இப்ப ஸ்பிரிண்ட் தொடங்குற அன்னைக்கு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு கேள்வி கேக்கிறோம்: இதுல நம்ம கையில இல்லாத ஏதாவது இருக்கா? கீ, ஒப்புதல், யாரோ தர வேண்டிய ஒரு கோப்பு, எதுவானாலும். இருந்தா அது வந்து சேர்ற வரைக்கும் அந்த டிக்கெட்டை ஸ்பிரிண்டுக்குள்ள எடுக்கிறதில்ல.

அந்தப் பழைய வரைவு இன்னும் என் டிராஃப்ட் ஃபோல்டர்ல கிடக்குது. அழிக்கல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.